ஸ்கிப் பாயின்டர் போட்டும் தேடல் வேகமாகவில்லை, எங்கே கோளாறு?

குமுளி_கணக்கு

கம்பத்தில் வீடு, குமுளியில் வேலை. ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஓர் அலுவலகத்தில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. பழைய பில், ஏல ரசீது, தோட்டத்துக்காரர்கள் எழுதிய கடிதம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றி வைத்திருக்கிறோம். மொத்தம் 4 லட்சம் ஆவணம். இதற்கு நானே பைத்தானில் ஒரு சின்னத் தேடுபொறி எழுதினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் ஆவண எண்கள் ஏறுவரிசையில் ஒரு போஸ்டிங்ஸ் பட்டியலாக இருக்கும். எண்களை அப்படியே வைக்காமல், முந்தைய எண்ணிலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்பதை மட்டும் வேரியபிள் பைட்டில் சுருக்கி வைத்திருக்கிறேன். எல்லாம் மெமரியிலேயே இருக்கிறது.

இரண்டு மூன்று சொல் கொடுத்தால் பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எல்லாவற்றிலும் இருக்கும் எண்ணை எடுக்கிறேன். இதை வேகப்படுத்த ஸ்கிப் பாயின்டர் போடலாம் என்று படித்து, பட்டியல் நீளத்தின் வர்க்கமூல இடைவெளியில் போட்டேன். "ஏலக்காய்" பட்டியலில் 3,60,000 எண் இருப்பதால் 600-க்கு ஒன்று. ஆனால் "ஏலக்காய் ரசீது" என்று தேடிப் பார்த்தால் முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது. என்ன காரணமாக இருக்கும்?

போடி_பாண்டி

ஹார்ட் டிஸ்கை மாற்றி எஸ்எஸ்டி போடுங்கள் அண்ணே. எங்கள் கடையில் பில்லிங் சாப்ட்வேர் இழுத்துக்கொண்டே இருந்தது, மாற்றினதும் பறக்கிறது.

குமுளி_கணக்கு

பாண்டி, டிஸ்கைத் தொடவே இல்லையப்பா. எல்லாம் மெமரியில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறேனே.

மேகமலை_ராசா

ஸ்கிப் பாயின்டரெல்லாம் பழைய காலத்து வேலை. பட்டியல் ஏறுவரிசையில்தானே இருக்கிறது? சின்னப் பட்டியலில் ஓர் எண்ணை எடு, பெரிய பட்டியலில் பைனரி சர்ச் போடு. 3,60,000-இல் 19 முறை பாதியாக வெட்டினால் முடிந்தது. எதற்கு இந்தத் தனி ஏற்பாடு?

செங்கோட்டை_மீனா

ராசா சொல்வது சுருக்காத பட்டியலுக்குச் சரி. எண்கள் வெறும் அரேயாக இருந்தால் பைனரி சர்ச் போதும். இருக்கும் இடத்திலிருந்து 1, 2, 4, 8 என்று எட்டிப் பார்த்துப் பிறகு பாதியாக வெட்டும் முறை அதைவிட நன்றாகவே ஓடும். ஆனால் குமுளியாரின் பட்டியல் வித்தியாசங்களாகச் சுருங்கிக் கிடக்கிறது. அதில் நடுவில் போய்க் குதிக்க முடியாது. ஏன் என்று ஒரு சின்னப் பட்டியலை வைத்தே பார்க்கலாம்.

ஆவண எண்கள் இவை: 3, 17, 29, 44, 58, 90, 131, 160, 201, 244, 377, 398, 405, 412, 466, 520. மொத்தம் 16. சுருக்கி வைக்கும்போது 3, 14, 12, 15, 14, 32, 41, 29, 41, 43, 133, 21, 7, 7, 54, 54 என்று எழுதுவோம். இதில் 133 மட்டும் 127-ஐத் தாண்டுவதால் இரண்டு பைட் பிடிக்கும், மற்றதெல்லாம் ஒவ்வொரு பைட். ஆக, பதின்மூன்றாவது எண் எந்த பைட்டில் தொடங்குகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்ல வழியில்லை. அப்படியே அந்த பைட்டைக் கண்டுபிடித்தாலும் அங்கே இருப்பது 7. அது 405 என்று தெரிய வேண்டுமானால் முதலிலிருந்து கூட்டிக்கொண்டே வரவேண்டும்.

இந்தச் சிக்கலுக்குத்தான் ஸ்கிப் பாயின்டர். நாலுக்கு ஒன்றாக, "இங்கே 58", "இங்கே 201", "இங்கே 405" என்று முழு எண்ணையும், அதற்கு அடுத்த பைட் எது என்பதையும் தனியாகக் குறித்து வைக்கிறோம். சுருக்கிய பட்டியலுக்குள்ளேயே இப்படிக் குறிப்பு வைக்கும் ஏற்பாட்டை மொஃபாட்டும் சோபலும் 1996-இல் விரிவாக எழுதினார்கள். பழையதுதான், ஆனால் காலாவதியாகவில்லை.

இப்போது இன்னொரு சொல்லின் பட்டியல் 17, 412, 980 என்று வைத்துக்கொள்வோம். 17-ஐத் தேடும்போது முதல் குறிப்பு 58. அது 17-ஐத் தாண்டிவிடுவதால் குதிக்கக் கூடாது. 3-லிருந்து நடந்து போனால் 17 பொருந்துகிறது. அடுத்து 412. குறிப்புகளைப் பார்த்தால் 58, 201, 405 மூன்றுமே 412-க்குள் இருக்கின்றன, நேராக 405-க்குப் போய்விடலாம். அங்கிருந்து ஓரெட்டு, 412 கிடைத்துவிட்டது. நடுவில் இருந்த பத்து எண்களைப் பிரித்தே பார்க்கவில்லை. 980-க்குக் குறிப்பு எதுவும் மிச்சமில்லை, கடைசிவரை நடந்து முடிக்க வேண்டியதுதான்.

குறிப்புகளைப் பட்டியலுக்குள்ளேயே செருகி வைத்திருந்தால் 17-க்கு அப்புறம் 29, 44 என்று நடந்து 58-க்கு வந்த பிறகுதான் குதிக்க முடியும். குறிப்புகளைத் தனி அட்டவணையாக வைத்தால் எங்கே நின்றாலும் குதிக்கலாம். உங்களுடையது எப்படி?

குமுளி_கணக்கு

தனி அட்டவணைதான் அக்கா. விடை சரியாகவே வருகிறது, பழைய முறையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். வேகம்தான் பிரச்சினை.

செங்கோட்டை_மீனா

"ரசீது" பட்டியல் எவ்வளவு நீளம்?

குமுளி_கணக்கு

3,10,000.

செங்கோட்டை_மீனா

அங்கேதான் இருக்கிறது விஷயம். உங்கள் ஆவணங்களில் பத்துக்கு ஒன்பதில் "ஏலக்காய்" இருக்கிறது, முக்கால்வாசிக்கு மேல் "ரசீது" இருக்கிறது. ஒரு பட்டியலில் 600 எண் நகர்வதற்குள் இன்னொன்றில் 500-க்கும் மேல் வந்துவிடும். அடுத்த குறிப்பு எப்போதுமே நாம் தேடும் எண்ணைத் தாண்டித்தான் நிற்கும். குதிக்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள், ஒரு முறையும் குதிக்க மாட்டீர்கள். கேட்ட செலவுதான் அந்தக் கூடுதல் நேரம்.

கடிகாரத்தை விட்டுவிடுங்கள். பைத்தானில் நேரம் அளப்பது பல காரணத்தால் ஏறி இறங்கும். அதற்குப் பதிலாக இரண்டு எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை முறை குதிக்கலாமா என்று பார்த்தீர்கள், அதில் எத்தனை முறை உண்மையிலேயே குதித்தீர்கள். இந்தத் தேடலுக்கு இரண்டாவது எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

கொழிஞ்சாம்பாறை_வாசகர்

குறுக்கே வருகிறேன். பாலக்காட்டுப் பக்கம் ஒரு சின்ன வாசகசாலைக்குத் தமிழ், மலையாளம் இரண்டுக்கும் சேர்த்துப் புத்தகப் பட்டியல் வைத்திருக்கிறேன். தினமும் நாலைந்து புத்தகம் சேரும், சிலது கழியும். ஸ்கிப் பாயின்டர் போட்டால் ஒவ்வொரு தடவையும் எல்லாக் குறிப்பையும் திருத்த வேண்டுமா? மொத்தமே 9,000 புத்தகம்தான்.

செங்கோட்டை_மீனா

சார், 9,000-க்கு ஒன்றுமே வேண்டாம். சாதாரணமாக ஒப்பிட்டாலே கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. நடுவில் ஓர் எண்ணைச் செருகினால் பின்னால் உள்ள பைட் இடங்களெல்லாம் நகர்ந்துவிடும், குறிப்புகள் பொய்யாகிவிடும். அதனால்தான் லூசீன் மாதிரியான தேடுபொறிகள் எழுதிய துண்டைத் திரும்பத் தொடுவதில்லை. புதிதாக வந்ததைத் தனிச் சிறு துண்டாக எழுதும், நீக்கியதற்கு அடையாளம் மட்டும் போடும், பிறகு சாவகாசமாகத் துண்டுகளைச் சேர்த்துப் புதிதாக எழுதும். குறிப்புகளும் அப்போது புதிதாகவே உண்டாகும்.

குமுளி_கணக்கு

எண்ணிப் பார்த்தேன் அக்கா. "ஏலக்காய் ரசீது" தேடலில் ஒரு குதிப்புகூட இல்லை.

சரி, எங்கள் முதலாளி நிஜமாகக் கேட்கும் தேடல் ஒன்றைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் காய் நனைந்து வந்து, விலையில் தகராறு ஆன பில்களைத் தேடுவார். "ஏலக்காய் கம்பம் நனைந்த" என்று அடிப்பார். ஏலக்காய் 3,60,000. கம்பம் 90,000. நனைந்த என்பது குறிப்புப் பகுதியில் மட்டும் வரும், 240. இதிலும் வேகம் நான் நினைத்த அளவுக்குக் கூடவில்லை.

மேகமலை_ராசா

வர்க்கமூலம்தானே விதி? 600 சரிதானே. அதற்கு மேல் என்ன கிடைக்கும்?

செங்கோட்டை_மீனா

வர்க்கமூலம் ஒரு கை மதிப்பு. தேடும் பக்கம் ஒன்றிரண்டு எண்தான் இருக்கிறது என்றால் அது பொருந்தும். தேடும் எண் கூடக்கூட அது மோசமாகும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நீளப் பட்டியலில் n எண், சிறு பட்டியலில் k எண், s-க்கு ஒரு குறிப்பு. மொத்தக் குறிப்பு n/s. அதிகபட்சம் அத்தனையையும் ஒரு முறை பார்ப்போம். ஒவ்வொரு தேடலுக்கும் இரண்டு குறிப்புக்கு நடுவில் உள்ள ஒரு கட்டத்துக்குள் இறங்கி சராசரியாக அதில் பாதி நடக்க வேண்டும். ஆகச் செலவு ஏறக்குறைய இவ்வளவு:

```
n/s + k*s/2
```

n = 3,60,000, k = 240 என்று வைத்து s = 600 போட்டால், குறிப்பு பார்ப்பது 600, கட்டத்துக்குள் நடப்பது 240 × 300 = 72,000. மொத்தம் 72,600. ஸ்கிப்பே இல்லாமல் நடந்திருந்தால் 3,60,000-க்குச் சற்று மேல். ஐந்து மடங்கு லாபம். ஆனால் செலவு எங்கே போகிறது பாருங்கள். கிட்டத்தட்ட முழுவதும் கட்டத்துக்குள் நடப்பதிலேயே போகிறது.

இப்போது s = 128. குறிப்பு பார்ப்பது சுமார் 2,800, நடப்பது 240 × 64 = 15,360. மொத்தம் 18,200-க்குள். அதே தரவு, அதே வழி, இடைவெளியை மட்டும் குறைத்ததில் இன்னும் நாலு மடங்கு. இந்த k-க்கு மிகச் சிறந்த s என்று பார்த்தால் 2n/k-இன் வர்க்கமூலம், அதாவது 55 பக்கம் வரும். அங்கே செலவு 13,100. ஆனால் k தேடலுக்குத் தேடல் மாறும், இன்டெக்ஸ் எழுதும்போது தெரியாது. அதனால் ஒரு நிலையான கட்ட அளவை வைத்துக்கொள்கிறார்கள். லூசீனில் பல ஆண்டுகளாக 128 எண் கொண்ட கட்டங்கள் இருந்து வந்தன. குறிப்புகளே அதிகமாகிவிட்டால் குறிப்புகளுக்கு மேல் இன்னொரு அடுக்குக் குறிப்பு வைத்து, 2,800-ஐ ஒவ்வொன்றாகப் பார்ப்பதையும் தவிர்க்கலாம்.

இன்னொன்று, இது சராசரிக் கணக்கு. உங்கள் ஆவண எண்கள் தேதி வரிசையில் போட்டதா?

குமுளி_கணக்கு

ஆமாம், பில் தேதி வரிசை.

செங்கோட்டை_மீனா

அப்படியானால் நிஜச் செலவு இன்னும் குறைவாகவே இருக்கும். காய் நனைவது தென்மேற்குப் பருவமழை மாதங்களில். அந்த 240 எண்ணும் பட்டியல் முழுக்கச் சிதறி இருக்காது, ஆண்டுக்கு ஒரு கொத்தாக ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கிடக்கும். ஒரே கட்டத்தில் இரண்டு மூன்று அகப்படும். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் மாதக்கணக்கில் தாண்டிப் போகலாம், இரண்டாம் அடுக்கு அங்கேதான் கைகொடுக்கும்.

மூன்று சொல்லை எந்த வரிசையில் எடுக்கிறீர்கள்?

குமுளி_கணக்கு

அவர் அடித்த வரிசையில்தான். முதலில் ஏலக்காய்-கம்பம், வந்த விடையோடு நனைந்த.

மேகமலை_ராசா

அது தப்பு தம்பி. சின்னதை முதலில் எடுக்க வேண்டும். இது எனக்கே தெரியும்.

செங்கோட்டை_மீனா

ராசா சொல்வது முழுக்கச் சரி. உங்கள் வரிசையில் முதல் ஒப்பீட்டிலேயே 3,60,000-ஐயும் 90,000-ஐயும் உருட்ட வேண்டியிருக்கிறது. கம்பம் இருக்கும் பில் எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஏலக்காயும் இருக்கும், ஆகவே எண்பதாயிரத்துக்குக் குறையாத ஓர் இடைவிடை கையில் நிற்கும். அதை உருவாக்கிவிட்டு 240-ஐ வைத்து வடிகட்டுகிறீர்கள். அதோடு, அந்த இடைவிடைக்கு ஸ்கிப் பாயின்டரும் கிடையாது. அது இப்போதுதான் பிறந்த பட்டியல்.

மாற்றிப் போட்டால் நனைந்த-கம்பம் முதலில். எவ்வளவு போனாலும் 240-க்கு மேல் விடை வராது. முப்பது வந்தது என்று வையுங்கள், 3,60,000 பட்டியலில் அந்த முப்பதை மட்டும் தேடினால் போதும். இங்கேயும் இடைவிடைக்கு ஸ்கிப் இல்லை, ஆனால் தேவையும் இல்லை. சிறிய பக்கம் நடக்கிறது, பெரிய பக்கம் குதிக்கிறது.

நான் இடைவிடையே உருவாக்க மாட்டேன். மூன்று பட்டியலையும் ஒன்றாகத் திறந்து வைப்பேன். சிறியது முன்னால் போகும். நனைந்த 5,204-இல் நிற்கிறது என்றால் கம்பத்திடம் "5,204 அல்லது அதற்கு மேல் முதல் எண் எது" என்று கேட்பேன். அது 5,310 என்றால் ஏலக்காயிடம் கேட்பதே வீண். நனைந்த பட்டியலை 5,310-க்குத் தள்ளிவிட்டு மறுபடி தொடங்குவேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் மூன்றாவது பட்டியலைத் தொடுவேன். அந்தக் கேள்விக்கான நிரல் இவ்வளவுதான்:

```
def advance(self, target):
    b = self.b
    while b + 1 < len(self.skips) and self.skips[b + 1].doc <= target:
        b += 1
    self.b = b
    if self.skips[b].doc > self.doc:
        self.doc = self.skips[b].doc
        self.pos = self.skips[b].off
    while self.doc < target:
        self.next_doc()
```

`b` 0-இல் தொடங்கும், `skips`-இன் முதல் குறிப்பு பட்டியலின் முதல் எண்ணுக்கே இருக்க வேண்டும், மேலே சொன்ன பட்டியலில் அது 3. இல்லாவிட்டால் 17-ஐத் தேடும்போதே 58-க்குக் குதித்துவிடும். பட்டியல் தீர்ந்ததும் `next_doc` எந்த ஆவண எண்ணையும்விடப் பெரிய எண்ணை `doc`-இல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி வளையம் நிற்காது.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் இரண்டு. குதித்ததும் `pos`-ஐ மட்டும் மாற்றி `doc`-ஐ மாற்றாமல் விடுவது ஒன்று. மேலே சொன்ன பட்டியலில் 29-இல் நின்றுகொண்டு 405-க்குக் குதித்தீர்கள் என்று வையுங்கள். அடுத்த வித்தியாசம் 7. பழைய 29-உடன் கூட்டினால் 36 வரும், அது பட்டியலிலேயே இல்லாத எண். தேடிய சொல்லே இல்லாத பில் விடையில் வந்து நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

இரண்டாவது, நடுவில் இருக்கும் அந்த `if`. தேடும் எண்ணும் நாம் நிற்கும் கட்டத்திலேயே இருந்தால் `b` காட்டும் குறிப்பு நமக்குப் பின்னால் இருக்கும். அந்தச் சோதனை இல்லாவிட்டால் பட்டியல் பின்னோக்கிக் குதித்து, பார்த்த எண்ணையே திரும்பப் பார்க்கும். விடை தப்பாகாது, அதனால் யாருக்கும் தெரியவும் தெரியாது. குதிப்பு எண்ணிக்கை ஏறும், வேகம் மட்டும் ஏறாது.

குமுளி_கணக்கு

128 போட்டு, சிறியதை முன்னால் வைத்து ஓட்டினேன் அக்கா. நனைந்த தேடல் இப்போது அடித்ததும் வருகிறது.

ஆனால் எங்கள் எல்லையில் இன்னொரு தலைவலி உண்டு. ஒரே ஊர் பெயரை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள். வண்டன்மேடு, வண்டமேடு, மலையாளத்தில் எழுதியதை எழுத்துப்பெயர்த்தால் இன்னொரு மாதிரி. அதனால் "நனைந்த" என்பதோடு இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று தேட வேண்டியிருக்கிறது.

மேகமலை_ராசா

"ஏதாவது ஒன்று" என்றால் ஸ்கிப் உதவாது. எல்லா எண்ணையும் விடையில் சேர்க்க வேண்டுமே, எதைத் தாண்டுவது?

செங்கோட்டை_மீனா

அந்த மூன்று மட்டும் தனித் தேடலாக வந்தால் நீங்கள் சொல்வதுதான், தாண்ட எதுவும் இல்லை. ஆனால் இங்கே "நனைந்த" கூடவே வருகிறது. 5,204-க்கு மேல் என்ன இருக்கிறது என்று அந்தக் குழுவிடம் கேட்டால், குழு தன் மூன்று பட்டியலிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம். மூன்றும் தனித்தனியே குதித்து வந்து நிற்கும், அதில் சிறியது குழுவின் பதில். மூன்றையும் முதலில் ஒன்றாகக் கொட்டி ஒரே பட்டியல் ஆக்கிவிட்டுப் பிறகு ஒப்பிட்டால்தான் ஸ்கிப் வீணாகும். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அதனால்தான் "உதவாது" என்ற பேச்சு நிலைத்துவிட்டது.

குமுளி_கணக்கு

அப்போது "ஏலக்காய் ரசீது" மாதிரி இரண்டுமே பெரிய பட்டியலாக இருந்தால் என்னதான் வழி?

செங்கோட்டை_மீனா

அதற்கு ஸ்கிப் பாயின்டர் மருந்தே இல்லை. 4 லட்சம் ஆவணத்துக்கு ஆளுக்கு ஒரு பிட் என்றால் ஒரு சொல்லுக்கு 50,000 பைட். "ஏலக்காய்" பட்டியலை எண்ணுக்கு ஒரு பைட் வைத்துச் சுருக்கினாலே 3,60,000 பைட் ஆகிறது. அதைவிட பிட்மேப் சிறியது, இரண்டு பிட்மேப்பை ஒன்றின் மேல் ஒன்று வைத்து எடுப்பது வேகமும்கூட. ஏழெட்டு பெரிய சொல்லுக்கு மட்டும் அப்படி வைத்துவிட்டு மற்றதைப் பட்டியலாகவே விடலாம்.

மேகமலை_ராசா

இரண்டு விதமாக வைத்தால் நிரல் இரட்டிப்பாகும். பத்து பில்லில் ஒன்பதில் இருக்கும் சொல்லால் என்ன வடிகட்டப் போகிறோம்? "ஏலக்காய்" என்று அடித்தால் கண்டுகொள்ளாமல் விட்டுவிட வேண்டியதுதான். ஏலக்காய் வியாபாரி வேறு எதைத் தேடப்போகிறார்?

குமுளி_கணக்கு

அதுதான் இல்லை அண்ணே. மிச்சம் பத்தில் ஒரு பங்கு மிளகு பில். "மிளகு" என்று எழுதாமல் சரக்கு என்றே எழுதின பில் அதில் நிறைய உண்டு. ஏலக்காயை விட்டுவிட்டால் அதெல்லாம் விடையில் வந்து விழும்.

மேகமலை_ராசா

அப்படியென்றால் விடைக்கு வந்த முப்பது பில்லை மட்டும் கடைசியில் திறந்து பார்த்து ஏலக்காய் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள். பிட்மேப்பும் வேண்டாம், அந்தப் பட்டியலும் வேண்டாம்.

செங்கோட்டை_மீனா

முப்பது என்றால் அது நடக்கும். "ஏலக்காய் ரசீது" என்று அடித்தால் மூன்று லட்சம் பில்லைத் திறப்பீர்களா?

மேகமலை_ராசா

முதல் பக்கத்துக்குப் பத்துதானே காட்டுகிறோம். பத்து கிடைத்ததும் நிறுத்திவிடலாம்.

செங்கோட்டை_மீனா

தேதி வரிசையில் காட்டினால் நிறுத்தலாம், அது நல்ல யோசனைதான். மொத்தம் எத்தனை பில் என்று முதலாளி கேட்டால்?

குமுளி_கணக்கு

கேட்பார். அதைத்தான் முதலில் கேட்பார்.